கடன் வாங்கிப் பங்கு வாங்கினால் கையில் நிற்பது எவ்வளவு? எம்டிஎஃப் கணக்கைப் படிப்படியாகப் போடும் முறை

தரகு நிறுவனம் வாங்குபவருக்குப் பணத்தின் ஒரு பகுதியைக் கடனாகத் தந்து பங்கை வாங்கவைக்கும் வசதியை எம்டிஎஃப் என்கிறோம். இந்த வசதியில் வாங்கியவர்களின் கணக்குகளை உட்கார்ந்து போட்டுப் பார்க்கும்போதெல்லாம் ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கைபேசித் திரையில் பச்சை நிறத்தில் தெரியும் தொகையை அவர்கள் தங்கள் லாபமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகை, விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்து வருவது. அதில் வட்டியும் இல்லை, தரகும் இல்லை, வரியும் இல்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு போகிறேன். ஒருவர் 500 ரூபாய் விலையில் 400 பங்குகளை வாங்குகிறார், மொத்தம் ₹2,00,000. அதில் அவருடைய சொந்தப் பணம் ₹80,000, தரகு நிறுவனம் தந்த கடன் ₹1,20,000. 2025 ஜூன் 2, திங்கட்கிழமை வாங்கி, ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை 530 ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். பங்கு 6% ஏறியிருக்கிறது. திரையில் ₹12,000 லாபம் தெரிகிறது; 80,000 போட்டு 12,000 என்றால் 15% என்று அவர் மனக்கணக்குப் போடுகிறார்.

## 1. கணக்கைத் தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வாங்கிய நாளின் கான்ட்ராக்ட் நோட்டும் விற்ற நாளின் கான்ட்ராக்ட் நோட்டும் வேண்டும். இவற்றில் தரகு, பங்குப் பரிவர்த்தனை வரியாகிய எஸ்டிடி, முத்திரைத் தீர்வை, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவை தனித்தனியாக இருக்கும்.

அடுத்தது, இந்தக் காலம் முழுவதற்குமான லெட்ஜர். பலர் கான்ட்ராக்ட் நோட்டோடு நின்றுவிடுகிறார்கள். எம்டிஎஃப் வட்டி, பங்கை அடமானம் வைக்கவும் மீட்கவும் வாங்கும் கட்டணம், விற்கும்போது டிமேட் கணக்கில் பிடிக்கும் டிபி கட்டணம் ஆகிய மூன்றும் கான்ட்ராக்ட் நோட்டில் வருவதில்லை. லெட்ஜரில் வெவ்வேறு தேதிகளில் சிறுசிறு வரிகளாகச் சிதறிக் கிடக்கும். லெட்ஜரைப் பதிவிறக்கும்போது விற்ற தேதியோடு நிறுத்தாமல், அதற்குப் பின் ஒரு மாதம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணை வட்டி பெரும்பாலும் விற்பனைக்குப் பிறகுதான் பற்று வைக்கப்படுகிறது.

மூன்றாவதாக, உங்கள் நிறுவனத்தின் எம்டிஎஃப் கட்டணப் பட்டியல். வட்டி விகிதம், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வட்டி, எம்டிஎஃப் தரகு சாதாரண டெலிவரித் தரகிலிருந்து வேறுபடுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு அதில் விடை தேடுங்கள். டெலிவரிக்குத் தரகே வாங்காத நிறுவனம்கூட எம்டிஎஃப் வாங்கலுக்குத் தரகு வாங்குவது உண்டு.

## 2. கடன் தொகையை உறுதிசெய்தல்

இதை முதலில் செய்வதற்குக் காரணம், வட்டி கடன் தொகையின் மேல் வருகிறது, தரகும் எஸ்டிடியும் மொத்த வர்த்தகத்தின் மேல் வருகின்றன, ஆதாய விகிதம் சொந்தப் பணத்தின் மேல் வருகிறது என்பதே. இந்த மூன்று அடிப்படைகளும் கலந்துவிட்டால் பின்னால் வரும் எந்த எண்ணும் சரியாக இருக்காது.

உதாரணத்தில் கடன் ₹1,20,000. உங்கள் கணக்கில் இதை ஊகிக்காமல், எம்டிஎஃப் நிலவர அறிக்கையில் நிறுவனம் தந்த தொகை என்று காட்டும் எண்ணையே எடுங்கள். வாங்கும்போது திரையில் 'இரண்டரை மடங்கு' என்று காட்டியிருக்கலாம். ஆனால் பங்கு வாங்கிய விலை சற்று மாறியிருந்தாலும், கணக்கில் முன்பே சிறிது பற்று இருந்தாலும் கடன் தொகை அந்த மடங்கோடு துல்லியமாகப் பொருந்தாது.

## 3. வட்டிக்கான நாட்களை எண்ணுதல்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் படி இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

இந்தியப் பங்குச் சந்தையில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் வர்த்தகம் நடந்த மறு வேலைநாளில் பணமும் பங்கும் கைமாறுகின்றன. ஆகவே ஜூன் 2 அன்று வாங்கிய பங்குக்கு நிறுவனம் தன் பணத்தைக் கட்டுவது ஜூன் 3 அன்று. வட்டி அன்று தொடங்குகிறது. ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை விற்றால் பணம் வருவது அடுத்த வேலைநாளான ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை. அதுவரை கடன் தீரவில்லை என்பதால் சனி, ஞாயிறு இரண்டு நாட்களுக்கும் வட்டி ஓடுகிறது.

எண்ணிப் பாருங்கள்: ஜூன் 3 முதல் 30 வரை 28 நாட்கள், ஜூலையில் 31 நாட்கள், ஆகஸ்ட் 1 முதல் 3 வரை 3 நாட்கள், மொத்தம் 62 நாட்கள். விற்பனையை ஒரு நாள் முன்னதாக, ஜூலை 31 வியாழக்கிழமை முடித்திருந்தால் பணம் வெள்ளிக்கிழமையே வந்திருக்கும். ஒரு நாள் முன்னதாக விற்றதற்கு மூன்று நாள் வட்டி மிச்சமாகியிருக்கும்.

வழக்கமான தவறு, சந்தை நடந்த நாட்களை மட்டும் எண்ணுவது. இந்தக் காலத்தில் அப்படி எண்ணினால் 44 நாட்கள்தான் வரும். வட்டிக்கு விடுமுறை கிடையாது. பண்டிகை விடுப்பும் வாரக் கடைசியும் சேர்ந்து வரும் நாட்களிலும் அது நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். சில நிறுவனங்கள் விற்ற நாளோடு வட்டியை நிறுத்துகின்றன, சில பணம் வந்து சேரும் நாள் வரை எடுக்கின்றன. உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதைக் கட்டணப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாத நிலையில் பணம் வரும் நாள் வரை எண்ணுவதே பாதுகாப்பானது.

## 4. வட்டித் தொகையைக் கணக்கிடுதல்

நாளுக்கு 0.04% என்று விளம்பரப்படுத்தப்படும் வட்டி, ஆண்டுக்கு 14.6%. 'நாலு பைசா வட்டி' என்று கேட்கும்போது சிறிதாகத் தெரிவதால்தான் இதை ஆண்டு விகிதமாக மாற்றி எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். தங்க நகைக் கடனோடும் வங்கிக் கடனோடும் ஒப்பிட அந்த எண்தான் உதவும்.

₹1,20,000 கடனுக்கு நாளுக்கு ₹48. 62 நாட்களுக்கு ₹2,976. சந்தை நாட்களை மட்டும் எண்ணியவர் ₹2,112 என்று எழுதியிருப்பார். ₹864 அவர் கணக்கில் விடுபட்டிருக்கும்.

விரிதாளில் கடன் தொகையை B2, ஆண்டு வட்டி விகிதத்தை B3, வட்டி தொடங்கும் தேதியை B4, பணம் வந்து சேரும் தேதியை B5 ஆகிய கட்டங்களில் வைத்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=B2*B3/365*(B5-B4)
```

ஆகஸ்ட் 4-லிருந்து ஜூன் 3-ஐக் கழித்தால் நேராக 62 கிடைக்கும். B4-இல் வாங்கிய தேதியைப் போட்டுவிடுவது வழக்கமான பிழை. அப்போது ஒரு நாள் கூடிவிடும்.

வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். நிறுவனம் வட்டியை லெட்ஜரில் பற்று வைக்கும்போது உங்கள் கணக்கில் பணம் இல்லையென்றால், அந்தப் பற்றுத் தொகைக்குத் தனியாகத் தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கலாம். லெட்ஜரில் எம்டிஎஃப் வட்டிக்கு அருகிலேயே வேறொரு பெயரில் சிறு தொகை தெரிந்தால் அது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பங்கை வாங்கும்போதே இரண்டு மாத வட்டிக்கான பணத்தைக் கணக்கில் விட்டுவைத்தால் இது வராது.

## 5. தரகும் மற்ற கட்டணங்களும்

உதாரணத்தில் எம்டிஎஃப் தரகு ஒவ்வொரு பக்கமும் 0.20%, டிபி கட்டணம் ₹15, அடமானம் வைக்க ₹20, மீட்க ₹20 என்று வைத்துக்கொள்கிறேன். இவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மற்றவை 2025 கோடையில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை: டெலிவரிக்கு எஸ்டிடி இரு பக்கமும் 0.1%, முத்திரைத் தீர்வை வாங்கும்போது மட்டும் 0.015%, தேசியப் பங்குச் சந்தையின் பரிவர்த்தனைக் கட்டணம் 0.00297%, செபி கட்டணம் கோடிக்கு ₹10. தரகு, சந்தைக் கட்டணம், செபி கட்டணம், டிபி கட்டணம், அடமானக் கட்டணம் ஆகியவற்றின் மேல் 18% ஜிஎஸ்டி. எஸ்டிடிக்கும் முத்திரைத் தீர்வைக்கும் ஜிஎஸ்டி கிடையாது.

| கட்டணம் | தொகை (₹) |
|---|---|
| தரகு (400 + 424) | 824.00 |
| எஸ்டிடி (200 + 212) | 412.00 |
| முத்திரைத் தீர்வை | 30.00 |
| சந்தை, செபி கட்டணங்கள் | 12.65 |
| மேற்கண்ட தரகு, கட்டணங்களுக்கு ஜிஎஸ்டி | 150.60 |
| டிபி கட்டணம், ஜிஎஸ்டியுடன் | 17.70 |
| அடமானம் வைக்க, மீட்க, ஜிஎஸ்டியுடன் | 47.20 |
| மொத்தம் | 1,494.15 |

இங்கே கவனிக்க வேண்டியது, தரகும் எஸ்டிடியும் ₹80,000-க்கு அல்ல, முழு ₹2,00,000-க்கும் ₹2,12,000-க்கும் விழுகின்றன என்பது. கடன் வாங்கி வர்த்தகத்தைப் பெரிதாக்கும்போது கட்டணமும் அதே அளவில் பெரிதாகிறது. கட்டணம் மொத்தத்தில் 0.75% என்று சொல்லி விட்டுவிடுபவர்கள், அது தங்கள் சொந்தப் பணத்தில் 1.87% என்பதைக் கவனிப்பதில்லை.

டிபி கட்டணம் பங்கின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஒரு நிறுவனப் பங்கை ஒரு நாளில் விற்றால் ஒரு முறை. 400 பங்குகளை நான்கு நாட்களில் நூறு நூறாக விற்றால் நான்கு முறை விழும். மீட்புக் கட்டணமும் பெரும்பாலும் அப்படியே. சிறு தொகையில் எம்டிஎஃப் எடுப்பவர்களுக்கு இந்த நிலையான கட்டணங்களே பெரும் சுமையாகின்றன.

## 6. சொந்தப் பணத்தால் வகுத்தல்

விலை வித்தியாசம் ₹12,000. அதிலிருந்து கட்டணங்கள் ₹1,494.15, வட்டி ₹2,976 ஆகியவற்றைக் கழித்தால் ₹7,529.85. இதை ₹80,000-ஆல் வகுத்தால் 9.41%. திரையில் தெரிந்த 15% வரிக்கு முன்பே இந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் 62 நாளில் 9.41% என்றால் ஆண்டுக்கு எவ்வளவு என்று விரிதாளில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். கூட்டு விகிதத்தில் போட்டால் கிட்டத்தட்ட 70% வரும். அந்த எண்ணை எழுதிவைக்காதீர்கள். இதே ஆதாயம் ஆண்டில் ஆறு முறை இடைவிடாமல் கிடைத்தால்தான் அது உண்மையாகும். இரண்டு மாத வர்த்தகத்தை இரண்டு மாத எண்ணாகவே வைத்துக்கொள்வதுதான் நேர்மையான கணக்கு. வட்டி விகிதத்தை ஆண்டுக்கு எழுதச் சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லை: வட்டி விகிதம் ஒப்பந்தத்தில் உள்ளபடி எல்லா நாளும் ஓடுகிறது, ஆதாயத்துக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை.

வைத்திருந்த காலத்தில் ஈவுத்தொகை வந்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். அடமானத்தில் இருந்தாலும் பங்கு உங்களுடையது என்பதால் ஈவுத்தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். லெட்ஜரில் தேடினால் கிடைக்காது.

## 7. கடனுக்கு மட்டும் தனிக்கணக்கு

9.41% என்பது கடன் வாங்கியதால் கிடைத்தது அல்ல. அதில் ஒரு பகுதி கடன் இல்லாமலும் கிடைத்திருக்கும். ஆகவே அடுத்த படி, கடன் வாங்காமல் கையிலிருந்த ₹80,000-க்கு மட்டும் 160 பங்குகள் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போடுவது.

விலை வித்தியாசம் ₹4,800. அதே தரகு விகிதத்தில், அடமானக் கட்டணம் இல்லாமல், கட்டணங்கள் ₹589.39. மிச்சம் ₹4,210.61; அதாவது 5.26%.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ₹3,319.24. இதுதான் ₹1,20,000 கடன் உழைத்துத் தந்த தொகை. அந்தக் கடன் 240 பங்குகளில் ₹7,200 ஈட்டியது, அதில் ₹3,880.76 வட்டியாகவும் கூடுதல் கட்டணமாகவும் போய்விட்டது. பாதிக்கு மேல் போய்விட்டது என்று பார்த்தவுடன் தெரிகிறது. மொத்த லாபத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருபோதும் கண்ணில் படாது, ஏனென்றால் சொந்தப் பணத்தின் ஆதாயம் கடனின் செலவை மறைத்துக்கொண்டு நிற்கும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இந்தப் படியைச் செய்யுங்கள்.

## 8. வரியைச் சேர்த்தல்

ஓராண்டுக்குள் விற்ற பங்கின் ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20% வரி. 4% மேல்வரி சேர்த்து 20.8%. மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டியவர் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறேன்.

கையில் நின்ற தொகையின் மேல் 20.8% போடுவது இங்கே நடக்கும் தவறு. வரிக்கணக்கில் எல்லாச் செலவையும் கழிக்க விடமாட்டார்கள். எஸ்டிடியைக் கழிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. முதலீட்டாளராகக் கணக்குக் காட்டுபவர் கடன் வட்டியைக் கழிக்கலாமா என்பதில் தீர்ப்புகள் இரு பக்கமும் உள்ளன. கழிக்காமல் கணக்கிடுவதே பாதுகாப்பு. அடமானக் கட்டணத்தையும் நான் கழிப்பதில்லை.

மீதியுள்ள தரகு, முத்திரைத் தீர்வை, சந்தைக் கட்டணங்கள், ஜிஎஸ்டி, டிபி கட்டணம் ஆகியவை ₹1,034.95. வரிக்குரிய ஆதாயம் ₹10,965.05, வரி ₹2,280.73. வரிக்குப் பின் கையில் ₹5,249.12, அதாவது 6.56%.

கடன் இல்லாத 160 பங்குக் கணக்கிலும் இதையே செய்தால் வரி ₹910.09, கையில் ₹3,300.52, அதாவது 4.13%. இப்போது கடனின் பங்கைப் பாருங்கள்: ₹1,948.60. ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த கடனை இரண்டு மாதம் சுமந்து, பங்கு 6% ஏறிய பிறகும், கடனால் கிடைத்தது இரண்டாயிரத்துக்கும் குறைவு.

பங்கு வர்த்தகத்தைத் தொழிலாகக் காட்டுபவருக்கு நிலை வேறு. அவர் வட்டியைச் செலவாகக் கழிக்கலாம். ஆனால் வரி அவருடைய வருமான அடுக்கின்படி வரும். எந்த வகை உங்களுக்குப் பொருந்தும் என்பதை வர்த்தகத்தைத் தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். வட்டியைக் கழிப்பதற்காக ஒரு வர்த்தகத்தை மட்டும் தொழிலாக மாற்றிக் காட்ட முடியாது.

## 9. சமன் விலையைக் கண்டுபிடித்தல்

லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்னும் விலை 500 அல்ல. 62 நாள் வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்தால் வரிக்கு முன் சமன் விலை ₹511.11. பங்கு 2.22% ஏறினால்தான் நீங்கள் தொடங்கிய இடத்துக்கு வருகிறீர்கள்.

வரியையும் சேர்த்தால் சமன் விலை ₹513.37. இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்றால், ₹511.11-க்கு விற்றவருக்குக் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் வட்டியைக் கழிக்காத வரிக்கணக்கில் அவருக்குச் சுமார் ₹3,427 ஆதாயம் இருக்கிறது, அதற்கு ஏறத்தாழ ₹713 வரி கட்ட வேண்டும். லாபமே இல்லாமல் வரி கட்ட நேர்வது கடன் வாங்கிப் பங்கு வாங்குவதற்கே உரிய சிக்கல்.

சமன் விலை நாளுக்கு நாள் நகர்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ₹48 வட்டி, 400 பங்குகள்; ஒவ்வொரு நாளும் பங்குக்கு 12 பைசா. 'விலை வரட்டும், காத்திருப்போம்' என்று ஒரு மாதம் காத்திருந்தால், நீங்கள் காத்திருக்கும் விலையே ₹3.60-க்கு மேல் ஏறியிருக்கும்.

## 10. அதே கணக்கை இறக்கத்துக்கும் போடுதல்

இதைப் பெரும்பாலானவர்கள் வாங்கும் முன் போடுவதில்லை. பங்கு 6% ஏறாமல் 6% இறங்கி, ₹470-க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். விலை நட்டம் ₹12,000. கட்டணம் ₹1,412.64. வட்டி அதே ₹2,976. மொத்த நட்டம் ₹16,388.64, சொந்தப் பணத்தில் 20.49%.

கடன் இல்லாமல் 160 பங்குகள் வைத்திருந்தவருக்கு நட்டம் ₹5,356.80, அதாவது 6.70%.

ஏற்றத்தில் கடன் உங்கள் ஆதாயத்தை 5.26%-லிருந்து 9.41%-ஆக, ஒன்றே முக்கால் மடங்கு சொச்சத்துக்குத்தான் உயர்த்தியது. இறக்கத்தில் நட்டத்தை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கிவிட்டது. வாங்கும்போது இரண்டரை மடங்கு என்று சொல்லப்பட்டது இரு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. வட்டியும் கட்டணமும் ஏற்றத்தில் லாபத்தைத் தின்கின்றன, இறக்கத்தில் நட்டத்தோடு சேர்ந்துகொள்கின்றன.

## 11. நடுவில் கூடுதல் மார்ஜின் கட்டியிருந்தால்

விலை இறங்கும்போது நிறுவனம் கூடுதல் பணம் கேட்கும். அப்படிக் கட்டிய பணத்தையும் வகுக்கும் எண்ணில் சேர்க்க வேண்டும். விலை பிறகு மீண்டு வந்தாலும் அந்தப் பணம் அத்தனை நாள் இதற்காக முடங்கிக் கிடந்தது.

ஜூலை 4 அன்று ₹10,000 கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அது 62 நாட்களில் 31 நாட்கள், அதாவது பாதிக் காலம் இருந்தது. ஆகவே சராசரிச் சொந்தப் பணம் ₹85,000. அதே ₹7,529.85 லாபம் இப்போது 8.86%. கட்டிய பணம் கடனைக் குறைத்ததா, வெறும் மார்ஜினாக நின்றதா என்பதை லெட்ஜரில் பாருங்கள். கடனைக் குறைத்திருந்தால் நாளுக்கு ₹4 வீதம் வட்டி ₹124 குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் உங்கள் பணத்துக்கு எந்தப் பயனும் இல்லாமல் முழுக் கடனுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

## 12. வெளியே வாங்கிய கடன் என்றால் மாறுபவை

நகையை வைத்தோ தனிநபர் கடனாகவோ பணம் எடுத்து வாங்கியிருந்தால் அடமானக் கட்டணம் இருக்காது. அதற்குப் பதில் செயலாக்கக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் இருக்கும். அவற்றை முழுவதுமாக இந்த வர்த்தகத்தின் மேல் ஏற்றுங்கள்.

முக்கியமான மாற்றம் நாள் கணக்கில்தான். இங்கே வட்டி, பங்கை விற்ற நாளோடு நிற்பதில்லை. கடனைக் கட்டி முடித்த நாளோடுதான் நிற்கிறது. பங்கை விற்ற பணத்தை அடுத்த பங்குக்குப் போட்டுவிட்டு நகையை மீட்காமல் வைத்திருந்தால், அந்த நாட்களின் வட்டி அடுத்த வர்த்தகத்தின் செலவு. அதையும் எழுதாமல் விட்டால் இரண்டு கணக்குமே லாபமாகத் தெரியும்.

## 13. லெட்ஜரோடு ஒத்துப்பார்த்தல்

கடைசியாக, போட்ட கணக்கை நிஜப் பணத்தோடு பொருத்த வேண்டும். உதாரணத்தில் ₹80,000 போட்டவருக்கு, எல்லாப் பற்றுகளும் முடிந்த பிறகு கணக்கில் ₹87,529.85 இருக்க வேண்டும். வரியைத் தனியே பின்னர் கட்டுவீர்கள் என்பதால் அது இந்த எண்ணில் இல்லை.

சில காசுகள் வித்தியாசப்பட்டால் விட்டுவிடலாம். எஸ்டிடியை முழு ரூபாய்க்குத் திருத்துவதாலும், மிகச் சிறிய சந்தைக் கட்டணங்களாலும் அது வரும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் லெட்ஜரை வரிவரியாகத் தேடுங்கள். ஒரு நண்பரின் கணக்கில் சரியாக ₹59 இடித்துக்கொண்டே இருந்தது. இருவரும் லெட்ஜரை அச்செடுத்து, சரிபார்த்த வரிகளைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தோம். விற்ற நாளின் வரிகளுக்குக் கீழே அது கிடைத்தது. வெளியூரில் இருந்தபோது இணையம் கிடைக்காமல் தொலைபேசியில் விற்கச் சொல்லியிருக்கிறார். அந்த அழைப்புக்கு ₹50, அதற்கு ஜிஎஸ்டி ₹9.

நிறுவனமே மார்ஜின் போதாமல் பங்கை விற்றுவிட்டாலும் இப்படி ஒரு தனிக் கட்டணம் விழலாம். அதனால் ஒத்துப்பார்க்கும்போது விற்ற நாளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். விடுபட்ட வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.